'ஹலோ'வுக்கு முன்னால் ஒரு பத்தி

என் அக்கா மகனுக்குத் திருமணத் தளத்தில் பதிவு போட்ட மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு போன் வந்தது. பெண்ணின் அப்பா பேசினார். ஜாதகம் பொருந்தியிருந்தது, வேலையும் ஊரும் பிடித்திருந்தது, பையனிடம் இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று நேராகக் கூப்பிட்டிருந்தார். "ஹலோ, யாருங்க, மாப்பிள்ளைதான் பேசறீங்களா?" என்றார். பையன் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். அவன் பெயர் 'ப'வில் தொடங்கும். உதடுகள் சேர்ந்தன, பிரியவில்லை. நாலு விநாடி, ஐந்து விநாடி. அந்தப் பக்கம் "ஹலோ... ஹலோ... கேக்குதுங்களா?" என்ற குரல். பிறகு யாரிடமோ, "டவர் இல்லையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை.

அவர் என் மருமகனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்குத் திக்குகிறது என்றே அவருக்குத் தெரியாது. சிக்னல் இல்லாத ஒரு வீட்டுக்குப் போன் போட்டதாகத்தான் நினைத்திருப்பார். அன்றிரவு அவன் என்னைத் தேடி வந்தான். "மாமா, பதிவுல நான் என்ன எழுதோணும்னு சொல்லுங்க. மொதல்ல மெசேஜ்ல பேசிட்டு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா போனுக்கு வரணும்ங்க. அத எப்படிங் மாமா எழுதறது?" இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நான் காத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக நாங்கள் எழுதிய ஒரு பத்தியையும், அதற்குப் பிந்தைய இரண்டு மாதத்தையும்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

போன் ஏன் இவ்வளவு கடினம் என்பது புரிந்தால்தான் அந்தப் பத்தி புரியும். திக்கல் மூன்று விதமாக வரும். ஒரு எழுத்தே திரும்பத் திரும்ப வருவது ஒன்று, 'ப-ப-ப-பஸ்' என்பதைப் போல. ஒலி இழுபடுவது இன்னொன்று, 'ஸ்ஸ்ஸ்சாயங்காலம்' என்று. மூன்றாவது அடைப்பு. வாய் சொல்லுக்குத் தயாராக இருக்கும், மூச்சும் குரலும் நகராது, ஒரு சத்தமும் வராது. முதல் இரண்டு போனில் கேட்கும். மூன்றாவது கேட்கவே கேட்காது. நேரில் இருப்பவர் உதட்டையும் கண்ணையும் பார்த்து, இவன் பேசிக்கொண்டிருக்கிறான், சொல் மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார். போனில் இருப்பவருக்குக் கிடைப்பது வெறும் அமைதி. போனில் அமைதிக்கு ஒரே அர்த்தம்தான் நமக்குப் பழக்கம்: லைன் போய்விட்டது.

அதோடு போனில் முதலில் சொல்ல வேண்டியது பெயர். திக்குகிற பலர் நாள் முழுக்க மனதுக்குள் சொல் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 'பஸ்' மாட்டும் என்று தோன்றினால் 'வண்டி' என்பார்கள், 'காலையில்' வராது என்று தோன்றினால் 'விடிஞ்சதும்' என்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத வேகத்தில் இது நடக்கும். பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. அதனால்தான் திக்குகிறவர்களில் ஏராளமானோர் தங்கள் சொந்தப் பெயரில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 'பெயர்கூடச் சொல்லத் தெரியாதா?' என்று பள்ளியில் வாங்கிய சிரிப்பும் அந்த ஒரு சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இது பயத்தால் வருவதல்ல, வளர்ப்பால் வருவதுமல்ல. பேச்சு இயக்கத்தை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தில் இருக்கிற வேறுபாடு இது. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் தொடங்கும். பெரியவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, அதில் பெண்ணைவிட ஆண் பல மடங்கு அதிகம். பயம் இதை உண்டாக்காது என்றாலும், உள்ளதைக் கூட்டும். 'இப்போது மாட்டும்' என்ற எதிர்பார்ப்பே தசையை இறுக்கிவிடும். முன்பின் தெரியாத ஒருவர், பெண்ணின் தகப்பனார், கல்யாணப் பேச்சு, முதல் சொல்லே பெயர். இதைவிடக் கடினமாக ஒரு போனை அமைக்க முடியாது.

என்னிடம் வருவதற்கு முன்பே வீட்டில் இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருந்தார்கள். ஒன்று என் அக்கா எழுதியது. அதில் திக்கலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில், "முதலில் மெசேஜ் மட்டும் அனுப்பவும்" என்று இருந்தது. பிள்ளைமேல் உள்ள பாசத்தில் எழுதியது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திருமணத் தளங்களில் குரலைக் காட்டாமல் எழுத்தில் மட்டும் பேசுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். போலிப் படம் போட்டுப் பணம் பறிக்கிறவர்கள் போனுக்கு வரமாட்டார்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆனதை மறைக்கிறவர்களும் வரமாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் இந்தக் கதைகளைக் கேட்டுப் பதறிப்போயிருக்கிறார்கள். காரணம் சொல்லாமல் 'மெசேஜ் மட்டும்' என்று கேட்டால், இவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவே தெரிவான்.

இரண்டாவது, அவனே எழுதியது. "எனக்கு லேசாகத் திக்குவாய்க் குறை உண்டு, மன்னிக்கவும். சிகிச்சை எடுத்து வருகிறேன், விரைவில் சரியாகிவிடும். தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்." இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒன்பது வருடமாக ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவன், தன்னைப் பற்றி எழுதும்போது மன்னிப்பில் தொடங்குகிறான்.

உணர்ச்சியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த மூன்று வாக்கியங்களில் ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகவே வேலை செய்யும். 'லேசாக' என்றால் படிப்பவர் லேசானதை எதிர்பார்ப்பார். முதல் போனில் ஐந்து விநாடி அடைப்பு வந்தால் 'பொய் சொல்லிவிட்டான்' என்பார். 'விரைவில் சரியாகிவிடும்' என்பது யாராலும் கொடுக்க முடியாத வாக்கு. பயிற்சியால் பேச்சு எளிதாகும், இறுக்கம் குறையும், பயம் குறையும். ஆனால் 31 வயதில் இருக்கிற திக்கல் அடியோடு போய்விடும் என்று நேர்மையான பேச்சுப் பயிற்சியாளர் எவரும் சொல்லமாட்டார். 'போன் செய்ய வேண்டாம்' என்பது கதவைச் சாத்துகிறது. அவன் கேட்க நினைத்ததோ கதவை மெல்லத் திறப்பதற்கு.

மன்னிப்பைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கோர்ட்னி பேர்ட் என்ற பேராசிரியரின் குழு 2017-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. திக்குகிற ஒருவர், தன் திக்கலைப் பற்றி முதலிலேயே மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் கேட்பவர் என்ன நினைக்கிறார், தகவலாக மட்டும் சொன்னால் என்ன நினைக்கிறார் என்று ஒப்பிட்டார்கள். தகவலாகச் சொன்னவரைப் பற்றித்தான் நல்ல எண்ணம் கூடியது. இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஒருவர் 'மன்னிச்சுக்குங்க' என்று ஆரம்பித்தால், ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்று கேட்பவர் மனம் தயாராகிவிடும்.

அன்றிரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து எழுதினோம். கடைசியில் நின்றது இது:

"கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டப் போவேன், மதியச் சமையல் என் பொறுப்பு. சிறு வயதிலிருந்து எனக்குப் பேச்சில் திக்கல் உண்டு. சில நாள் குறைவாக இருக்கும், சில நாள் அதிகமாக இருக்கும். போனில் கூடுதலாக வரும், நேரில் குறையும். அதனால் முதலில் வாட்ஸ்அப்பில் எழுதிப் பழகுவது எனக்கு வசதி. ஒரு வாரத்தில் குரல் பதிவு அனுப்புவேன், இரண்டாவது ஞாயிறு போனில் பேசலாம். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால் போதும். இதைப் பற்றி எதைக் கேட்க நினைத்தாலும் கேட்கலாம்."

திக்கல் மூன்றாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அதற்கு முன் வேலையும் சைக்கிளும் சமையலும் வந்துவிடுகின்றன. முதல் வாக்கியத்திலேயே போட்டால் மனிதனுக்குப் பதில் திக்கல்தான் பதிவாகும், கடைசியில் போட்டால் ஒளித்து வைத்ததுபோல் இருக்கும். 'சில நாள் குறைவு, சில நாள் அதிகம்' என்ற வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லி நான்தான் பிடிவாதமாக நின்றேன். திக்கல் ஒரே அளவில் இருக்காது. முதல் போன் தடையில்லாமல் போய், இரண்டாவது போனில் நிறைய மாட்டினால், இந்த வாக்கியம் இல்லாதபோது அந்தப் பெண் என்ன நினைப்பாள்? தன்னிடம் எதையோ மறைக்கப் பதறுகிறான் என்றுதான் நினைப்பாள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் 'ஒரு வாரம்', 'இரண்டாவது ஞாயிறு' என்ற இரண்டு சொற்கள். 'கொஞ்ச நாள் கழித்து' என்று எழுதினால் அது இரு பக்கமும் கெடுதல். படிப்பவருக்குச் சந்தேகம் தீராது. எழுதியவனுக்கோ அந்தக் 'கொஞ்ச நாள்' நீண்டுகொண்டே போகும். எழுத்தில் அவன் சரளமானவன், வேடிக்கையாகப் பேசுகிறவன். இரண்டு மாதம் எழுத்திலேயே ஓடினால், அவள் மனதில் அந்தச் சரளத்துக்கு ஏற்ற ஒரு குரல் உருவாகிவிடும். அவனும் அந்தக் குரலைக் காப்பாற்ற வேண்டும் என்று போனை இன்னும் தள்ளிப்போடுவான். திக்கலில் தவிர்ப்பதற்கு அப்படி ஒரு குணம் உண்டு. தவிர்த்த ஒவ்வொரு முறையும் அப்போதைக்கு நிம்மதியாக இருக்கும், அடுத்த முறை பயம் கூடியிருக்கும்.

பதிவில் எழுதினால் மட்டும் போதாது, எண்ணையும் கவனிக்க வேண்டும். முதலில் அவனுடைய எண்தான் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. பெரும்பாலான தளங்களில் எண்ணை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்த வழி இருக்கிறது. அவன் எண்ணை மறைத்துவிட்டு, பெரியவர்கள் பேசுவதற்கு அக்காவின் எண்ணைக் கொடுத்தோம். யாராவது கூப்பிட்டுப் பையனிடம் கொடுங்கள் என்றால் என்ன சொல்வது என்று அக்காவிடம் முன்கூட்டியே பேசி வைத்தோம். "தம்பிக்குத் திக்கல் உண்டுங்க, பதிவுலயே எழுதியிருக்கானுங்க. மொதல்ல மெசேஜ்ல பேசிக்கட்டும்ங்களே." இதைச் சாதாரணமாகச் சொல்ல அக்காவுக்கு நாலைந்து நாள் ஆனது. முதல் இரண்டு முறை குரல் தழுதழுத்துவிட்டது. உடல் குறைபாடு உண்டா இல்லையா என்று கேட்கும் கட்டத்தை வைத்து அவர் ரொம்பக் குழம்பினார். அந்த ஒற்றைச் சொல் தேர்வு எதையும் விளக்காது, விளக்க வேண்டியது 'என்னைப் பற்றி' என்ற பகுதியில்தான் என்று முடிவு செய்தோம்.

அடுத்த மூன்று வாரத்தில் பதிவைப் பார்த்துவிட்டு விசாரித்தவர்கள் முன்பைவிடக் குறைந்தார்கள். அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் வந்தவர்கள் படித்துவிட்டு வந்தார்கள். அவர்களில் ஈரோட்டுப் பக்கம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் ஒரு பெண் எழுதிய முதல் கேள்வி, "ஞாயித்துக்கிழமை என்ன சமைப்பீங்க?" என்பது. மூன்றாம் நாள் திக்கலைப் பற்றிக் கேட்டாள். "பிறக்கிற குழந்தைக்கும் வருமா?" கேட்கலாம் என்று எழுதியவன் பதில் சொல்லத்தானே வேண்டும்? உண்மையைச் சொன்னான். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுதல், பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் சுமார் நாலில் மூன்று பேருக்கு அது தானாகவோ சிறு உதவியாலோ போய்விடுகிறது. "சரிங்க" என்று மட்டும் பதில் வந்தது. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவளிடமிருந்து வழக்கம்போல் மெசேஜ் வந்தது.

ஆறாம் நாள் குரல் பதிவு. எழுத்துக்கும் போனுக்கும் நடுவில் இது நல்ல படி. குரல் போகும், ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் 'ஹலோ ஹலோ' என்று அவசரப்படுத்தமாட்டார்கள். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்த்து அழிக்க முடியும் என்பதால், திக்கல் இல்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் பதிவு செய்யலாம். அன்று அவன் 20 விநாடிப் பதிவு ஒன்றை 14 முறை எடுத்தான். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் திக்கல் குறையும். இது நெடுங்காலமாக ஆய்வாளர்களுக்குத் தெரிந்த ஒன்று. பதினான்காவது பதிவு வழுவழுவென்று இருந்தது. அதை அனுப்பியிருந்தால், எழுத்தில் ஒளிந்ததுபோல் குரலிலும் ஒளிந்திருப்பான். போனில் அந்தப் பதினான்கு ஒத்திகை கிடைக்காது.

"மொத எடுத்தது இருக்குதா கண்ணு?" என்றேன். "அழிச்சுட்டேனுங் மாமா." "அப்ப இன்னொரு விஷயம் பேசு. ஒரே தடவ. வர்றது வரட்டும்." மழையில் சைக்கிள் பஞ்சரானதைச் சொன்னான். 'ப'வில் தொடங்கும் சொல்லை அவனேதான் தேர்ந்தெடுத்தான். அதில் மூன்று இடத்தில் மாட்டியது, ஒரு இடத்தில் நன்றாகவே. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். பதிலுக்கு அவளும் ஒரு குரல் பதிவு அனுப்பினாள், பஞ்சர் கடை திறந்திருந்ததா என்று கேட்டு. பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொன்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிராளி காத்திருக்கக்கூடியவரா என்பதை இப்படித்தான் அறிய முடியும். வேறொரு பெண்வீட்டில், "நல்லாத்தானே பேசறீங்க, மூச்சை இழுத்து விட்டு நிதானமா பேசினா சரியாயிடும்" என்று பதில் வந்திருந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. இருந்தாலும் அவன் மறுபடி எழுதவில்லை. சிறு வயதிலிருந்து அந்த அறிவுரையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் அவன்.

போனுக்கு முன்தினம் அவளுக்கு மூன்று விஷயம் எழுதினான். நான் கூப்பிட்டதும் பெயர் கேட்க வேண்டாம், திரையிலேயே தெரியும். சத்தமே வரவில்லை என்றால் திரையைப் பாருங்கள், 'Reconnecting' என்று காட்டினால் டவர் பிரச்சினை, காட்டாவிட்டால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். என் வார்த்தையை நீங்கள் முடித்து வைக்க வேண்டாம். இந்த மூன்றாவதற்குக் காரணம் உண்டு. அடைப்பில் இருப்பவனுக்கு உதவுவதாக நினைத்து நாம் சொல்லை எடுத்துக்கொடுப்போம். பாதி நேரம் அது தப்பான சொல்லாக இருக்கும். அப்போது அவன் முதலில் இல்லை என்று மறுக்க வேண்டும், பிறகு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சரியான சொல்லாக இருந்தாலும், உன்னால் முடியாது என்றுதான் அது அவனுக்குக் கேட்கும்.

பேச வேண்டியதை வரிவரியாக எழுதி வைத்துக்கொள்ளப் பார்த்தான், அதைத் தடுத்தேன். எழுதிய வாக்கியத்தில் வராத சொல் ஒன்று இருந்தால், அது வருகிற வரைக்கும் கண் அதன்மேலேயே இருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் தலைப்பு மட்டும் எழுதினான். சைக்கிள், பரீட்சை பேப்பர், அம்மா. நேரம் ஐந்து நிமிடம் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். முடிவு எப்போது என்று தெரிந்தால் தசை கொஞ்சம் தளரும்.

இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டான். நான் அடுத்த அறையில் இருந்தேன். முதல் சொல்லே மாட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏழு விநாடி. பிறகு, "இ... இப்படித்தாங்க இருக்கும்" என்று அவன் சொன்னது கேட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியாது, இவன் சிரித்தான். ஐந்து நிமிடம் என்றது ஒன்பது நிமிடமானது. அடுத்த வாரம் புதன்கிழமை மோசமாக இருந்தது. வேலையில் தூக்கமில்லாத இரண்டு இரவுகள், மூன்று நிமிடத்தில் "இன்னிக்கு எழுதலாங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டான். அவள் எழுதினாள். அந்தப் படியில் இறங்கினாலும் பரவாயில்லை, மறுபடி எப்போது ஏறுவது என்று அன்றே நாள் குறித்துக்கொண்டார்கள். இரண்டு முறை தொடர்ந்து தள்ளிப்போனால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். இதுவரை சொல்லவில்லை.

வீடியோ அழைப்பையும் முயன்று பார்த்தார்கள். அவனுக்கு அது சாதாரணப் போனைவிட எளிதாக இருந்தது, உதடு மாட்டுவது அவளுக்குத் தெரிகிறதே. இது ஆளுக்கு ஆள் மாறும். மாட்டும்போது தன் முகத்தைத் திரையில் பார்ப்பதே பெரிய வேதனை என்பவர்களும் உண்டு. நேரில் சந்திப்பதற்குப் போனில் தேர வேண்டும் என்ற விதியையும் நாங்கள் வைக்கவில்லை. போனைவிட நேரில் எளிது என்றால், நேரில் முதலில் பார்க்கலாமே? பெண் பார்க்கும் நாளில் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவன் வாயையே பார்ப்பதுதான் கடினம். ஆகவே அதற்கு முன் பவானி கூடுதுறைக் கோயிலில் இரண்டு வீட்டிலிருந்தும் மூன்று மூன்று பேராகச் சந்தித்தார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இனி அவள் அப்பாவோடு போன் பேச வேண்டும். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், சத்தமாகவும் வேகமாகவும் பேசுகிறவர், வாட்ஸ்அப்பில் எழுதுவதில் பழக்கமில்லாதவர். எழுத்து என்ற முதல் படியே அங்கே இல்லை. சென்ற வாரம் என் மருமகன் அவருக்கு நேராகவே ஒரு குரல் பதிவு அனுப்பினான். ஒரே தடவை எடுத்தது. தன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தான், 'ப'வில் நாலு விநாடி மாட்டி, வந்து, அதற்குப் பிறகு திக்கலைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடலாமா என்றும் கேட்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் பதிவு வந்தது. பின்னால் பஸ் ஹாரன், டீக்கடைச் சத்தம். "தம்பி, நீங்க பேசுனது முழுசும் கேட்டேன். பத்து மணிக்கு வேண்டாம், கோயிலுக்குப் போயிருவேன். பதினொண்ணுக்குக் கூப்பிடுங்க. நான் அவசரமாப் பேசற ஆளு, குறுக்க பேசுனா சொல்லிருங்க."